ஒன்பது சின்ன நஷ்டம், இரண்டு லாபம், கடைசியில் வரி

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

2024-25 நிதியாண்டு முழுக்க கிரிப்டோவில் டான்சியன் சேனலை விதி பிசகாமல் போட்டுப் பார்த்தேன். முதலீடு 2 லட்சம். காலை 5:30-க்கு டெய்லி கேண்டில் மூடும். முந்தைய 20 நாள் உச்சத்துக்கு மேல் மூடியிருந்தால், பட்டறை திறக்கும் முன்பே வாங்கிவிடுவேன். 10 நாள் தாழ்வு உடைந்தால் விற்பேன். ஒரு டிரேடில் போகக்கூடியது 2,000 ரூபாய்தான். சொலானாவை 13,000-க்கு வாங்கியபோது 10 நாள் தாழ்வு 11,700. இடைவெளி 1,300, அதனால் ஒன்றரைக் காயின்.

மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை பிட்காயின் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தது. உடைத்தது போல் காட்டும், நான்காம் நாளே உள்ளே திரும்பிவிடும். ஒன்பது முறை அடி, மொத்தம் 17,000. ஆறாவது அடிக்குப் பிறகு வீட்டில் சொல்வதையே நிறுத்திவிட்டேன்.

நவம்பரில் எக்ஸ்ஆர்பி ஏறியது. 12,000 போட்டதில் 30,000 லாபம். பிட்காயினில் 12,000. ஆக 42,000.

கையில் 25,000 என்றுதான் நினைத்தேன். ஆடிட்டர் 42,000-க்கும் 30% போட்டு, செஸ்ஸோடு 13,104 என்றார். மிச்சம் 11,896.

ஏற்காடு மிளகு

நஷ்டத்தைக் கழித்துத்தானே வரி? பங்கில் எனக்கு அப்படித்தான் செய்தார்கள்.

கொலுசுப்பட்டறை

பங்குக்குச் சரிங்க. கிரிப்டோவுக்கு 2024-25-ல் வருமான வரிச் சட்டத்தின் 115BBH பிரிவு. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க விடாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. சின்னச் சின்ன நஷ்டத்திலேயே ஓடும் முறைக்கு இதுதான் பெரிய இடி.

அம்மாபேட்டை தறி

எனக்கு நஷ்டமே இல்லை! ஆறு மாதமாக ஒரு சிக்னல்கூட வரவில்லை. பிட்காயின் நன்றாகத்தான் ஏறியது.

கொலுசுப்பட்டறை

சேனலில் இன்றைய கேண்டிலையும் சேர்த்திருப்பீர்கள். இன்றைய உச்சத்துக்கு மேல் இன்றே எப்படி மூடும்? டிரேடிங்வியூ பைன் ஸ்கிரிப்டில் நேற்று வரைக்குமான உச்சத்தை எடுங்கள்:

```
close > ta.highest(high, 20)[1]
```

அந்த `[1]` இல்லாமல் நானும் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏற்காடு மிளகு

20-ஐ 55 ஆக்கினால் பொய் உடைப்பே வராதே. 1983-ல் அமெரிக்க டிரேடர் ரிச்சர்ட் டென்னிஸ் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் அதுவும் உண்டு.

கொலுசுப்பட்டறை

வராது என்றில்லை, குறையும். ஆனால் உள்ளே போகும்போது விலை ஏறியிருக்கும், தாழ்வு தள்ளிப் போயிருக்கும், அதே 2,000-க்குக் குறைந்த காயின்தான் கிடைக்கும். என் பழைய சார்ட்டில் ஓட்டிப் பார்த்தேன். எக்ஸ்ஆர்பி சில நாள் தாமதமாகக் கிடைத்தது, லாபமும் கொஞ்சம் குறைந்தது. வரிக்குப் பிறகு எது மேல் என்று ஒரே வருஷத்தை வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அம்மாபேட்டை தறி

`[1]` போட்டேன். ஒரே நாளில் மூன்று சிக்னல். மூன்றையும் வாங்கவா?

கொலுசுப்பட்டறை

மூன்றும் பிட்காயின் பின்னால் ஓடுகிறவைதானே? ஒன்று விழுந்தால் மூன்றும் விழும். நான் அந்த 2,000-ஐயே மூன்றாகப் பிரித்துப் போடுவேன்.