பேலஸ்ட், டிரிம்: நீர்மூழ்கிக்குத் தமிழில் எத்தனை தொட்டி?

சாட்ஸ்வொர்த், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நீர்மூழ்கிக் கப்பல் படம் ஒன்றுக்குத் தமிழில் பெயர் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். பேலஸ்ட் டேங்க்குக்கு 'நிலைப்படுத்தும் தொட்டி' என்று போட்டேன். டிரிம் டேங்க்குக்கு ஒன்றும் அகப்படவில்லை, 'சமநிலைத் தொட்டி' என்று ஒப்பேற்றினேன். உடனே ஒரு பையன், "டீச்சர், நிலைப்படுத்துறதும் சமநிலையும் ஒண்ணுதானே, அப்புறம் எதுக்கு ரெண்டு தொட்டி?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

டோங்காட், ஓய்வுபெற்ற கரும்புத் தோட்ட மேஸ்திரி

அம்மா, பேலஸ்ட்டுக்குத் தமிழ் ஏற்கெனவே இருக்கிறதே! 'சல்லி'. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுவது. என் தாத்தா நேட்டால் ரயில்வேயில் அதைத்தான் கூடை கூடையாகச் சுமந்தார். இதற்கு ஏன் புதுச் சொல்?

ஃபீனிக்ஸ், பொறியியல் மாணவர்

தாத்தா, அது வேறு பேலஸ்ட். இது கப்பலுக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி.

அக்கா, 'நிலைப்படுத்தும் தொட்டி' சரியாகத்தான் இருக்கிறது. தொட்டி முழுக்கக் காற்று இருந்தால் மிதக்கும். முழுக்கத் தண்ணீர் இருந்தால் மூழ்கும். பாதி காற்று, பாதி தண்ணீர் என்றால் நடுவில் நிற்கும். அப்படித்தான் ஆழத்தை நிலைப்படுத்துகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் பேனா மூடியை மிதக்கவிட்டு, பாட்டிலை அமுக்கினால் மூடி இறங்கும், விட்டால் ஏறும். அதே விஷயம்தான்.

சைமன்ஸ் டவுன், ஓய்வுபெற்ற வால்வு ஃபிட்டர்

தம்பி சொன்னதில் முதல் இரண்டும் சரி. மூன்றாவதுதான் இடிக்கிறது. அந்தப் பாட்டிலையே கையில் எடுத்துப் பாருங்கள். மூடியை நடு உயரத்தில் நிறுத்த முயன்றால் நிற்காது. அரை விரல் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், கனம் கூடும், இன்னும் இறங்கும். ஏறினால் காற்று விரியும், இன்னும் ஏறும். விரலால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். 1600 டன் எஃகை அப்படி விரல் நுனியில் வைத்துப் பிழைக்க முடியாது. போதாததற்கு, பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலையும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தால் அத்தனையும் மூக்குப் பக்கம் ஓடிவந்து இன்னும் தாழ்த்தும்.

அதனால் பெரிய பேலஸ்ட் தொட்டிகளுக்கு இரண்டே நிலைதான். ஒன்று முழுக்கக் காற்று, இல்லையென்றால் முழுக்கத் தண்ணீர். கவிழ்த்த டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கடலுக்குத் திறந்த துளைகள், மேலே மூடியிருக்கும் காற்று வால்வு. வால்வைத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும், அடியிலிருந்து தண்ணீர் ஏறும், படகு இறங்கும். தண்ணீருக்குள் போனதும் வால்வை மூடிவிடுவார்கள். பிறகு எழும்ப வேண்டுமானால் சிலிண்டரில் அடைத்துவைத்த காற்றை உள்ளே ஊதினால் போதும், வந்த வழியே தண்ணீர் போய்விடும். ஆழத்தில் நிற்பதற்கும் இந்தத் தொட்டிக்கும் சம்பந்தமே கிடையாது.

மேலே மிதக்கும்போது அந்த ஒரு வால்வுதான் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் ரப்பர் இருக்கை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் சோப்புத் தண்ணீர் ஊற்றுவோம். ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் மணிமணியாய்க் குமிழி வரும். ராத்திரி கவனிக்காமல் விட்டால், காலையில் படகின் பின்புறம் ஒரு சாண் தாழ்ந்திருக்கும்.

என் கருத்தில் 'நிலைப்படுத்தும் தொட்டி' தப்பான பெயர். அந்தப் பையனைக் குழப்பியது அந்தப் பெயர்தான். ஜெர்மன்காரர்கள் இதை 'மூழ்கும் அறை' என்கிறார்கள். நாமும் மூழ்கு தொட்டி என்றே சொல்லலாம்.

ஃபீனிக்ஸ், பொறியியல் மாணவர்

சரி அங்கிள், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஆழத்தைப் பிடிப்பது எது?

ரோஸ் ஹில், மொரீஷியஸ், தமிழ் ஆசிரியர்

நான் குறுக்கிடலாமா? ஆங்கிலத்தில் 'டிரிம்' என்று ஒரே சொல்லில் அடக்குவதைப் பிரெஞ்சில் இரண்டாகச் சொல்வார்கள். மொத்த எடை சரியா என்று பார்ப்பது 'பெஸே'. எடை போடுதல் என்று பொருள். முன்னும் பின்னும் மட்டமாக நிற்கிறதா என்பது 'அசியெத்'. சாப்பாட்டுத் தட்டுக்கும் அதே சொல்தான். பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். உங்கள் கடற்படையின் பழைய டாஃப்னே வகைப் படகுகள் பிரெஞ்சுப் படகுகள்தானே, ஃபிட்டர் ஐயாவுக்கு இரண்டும் காதில் விழுந்திருக்கும். தமிழிலும் இரண்டு சொல் வேண்டும் என்பது என் எண்ணம்.

சைமன்ஸ் டவுன், ஓய்வுபெற்ற வால்வு ஃபிட்டர்

விழுந்திருக்கிறது! அசகாய் படகு அருங்காட்சியகமாக மிதந்துகொண்டிருந்த காலத்தில், வந்தவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் விளக்குவேன்.

மூழ்கு தொட்டி நிரம்பியதும் படகின் எடையும் அது விலக்கும் தண்ணீரின் எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அந்த 'ஏறக்குறைய'வைத் தீர்ப்பதற்கு நடுவில் தனியாகத் தொட்டிகள் இருக்கின்றன. கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே விடலாம், பம்ப்பால் கொஞ்சம் வெளியே தள்ளலாம். பிரெஞ்சில் பெஸே என்பது இந்தக் கணக்குத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் மாந்தாதிசி வகைப் படகு மூழ்கியிருக்கையில் சுமார் 1600 கன மீட்டர் தண்ணீரை விலக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையின் 12 டிகிரிக் குளிர்நீரில் எடையைச் சரியாக வைத்துவிட்டு, கேப்பைச் சுற்றி டர்பனுக்கு வெளியே அகுல்ஹாஸ் நீரோட்டத்துக்கு வருகிறது. அங்கே தண்ணீர் 24 டிகிரி. வெதுவெதுப்பான தண்ணீர் லேசானது. கன மீட்டருக்குச் சுமார் இரண்டரைக் கிலோ குறைவு. 1600-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 4000 கிலோ. படகில் யாரும் ஒரு பொட்டலம்கூட ஏற்றவில்லை, ஆனாலும் நாலு டன் கனத்துப்போய்விட்டது. நாலு பக்கி மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு டன்னை வெளியே தள்ளாவிட்டால் படகு நிற்காது.

ஃபீனிக்ஸ், பொறியியல் மாணவர்

ஆனால் சுக்கான் இருக்கிறதே? கிடையாக நீட்டியிருக்கும் சுக்கானைச் சாய்த்தால் நாலு டன்னைத் தூக்கிவிடாதா?

சைமன்ஸ் டவுன், ஓய்வுபெற்ற வால்வு ஃபிட்டர்

தூக்கும், வேகம் இருக்கும்வரை. கோளாறு வெளியே தெரியாமல் இருப்பதும் அதனால்தான். எட்டு நாட் வேகத்தில் ஓடுகிறபோது தப்பான எடையைக்கூடக் கிடைச்சுக்கான் சுமந்துவிடும். மூன்று நாட்டுக்குக் குறைத்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினால்தான் ஆழம் நிற்கிறது என்றால் மொத்த எடை அதிகம். மட்டமாகவே ஓடுகிறது, ஆனால் பின் சுக்கானை ஒரே பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் எடையில் தப்பில்லை, முன்னும் பின்னும் பங்கிட்டதில் தப்பு.

டோங்காட், ஓய்வுபெற்ற கரும்புத் தோட்ட மேஸ்திரி

இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது! இது வண்டிக்காரன் சமாச்சாரம். கரும்பு வண்டியில் முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே கிளம்பி மாட்டையே தூக்கும். பாரம் ஏற்றுகிறவன் கட்டுகளை முன்னே பின்னே தள்ளி வைத்து, நுகத்தடியை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பான். லேசாக அழுந்த வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் 'பாரம் பார்க்கிறது' என்றே சொல்வோம். டர்பன் கடலில் என் மகன் மீன்பிடிக்கிற ஸ்கீ போட்டிலும் ஐஸ் பெட்டியை நகர்த்தி இதையேதான் செய்கிறான்.

சைமன்ஸ் டவுன், ஓய்வுபெற்ற வால்வு ஃபிட்டர்

ஐயா, கை கொடுங்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மூக்கில் ஒரு தொட்டி, வாலில் ஒரு தொட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய். கடலோடு கொடுக்கல் வாங்கல் இல்லாமல், உள்ளே இருக்கும் தண்ணீரை முன்னிருந்து பின்னுக்கோ பின்னிருந்து முன்னுக்கோ தள்ளுவதோடு சரி. உங்கள் கரும்புக் கட்டு மாதிரி.

எவ்வளவு தள்ள வேண்டும்? ஐந்து பேர், ஆளுக்கு 80 கிலோ, வாலிலிருந்து மூக்குக்கு 40 மீட்டர் நடந்து போகிறார்கள். 400 கிலோவை 40 மீட்டர் நகர்த்தியதற்குச் சமம். இரு தொட்டிகளுக்கும் நடுவே 45 மீட்டர் இருந்தால், 16000-ஐ 45-ஆல் வகுத்து, சுமார் 355 லிட்டரைப் பின்னுக்கு அனுப்ப வேண்டும். ரெண்டு பீப்பாய்க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படகுகள் அவசரமாக மூழ்க வேண்டியிருந்தபோது கைவேலை இல்லாதவர்களை எல்லாம் மூக்குப் பக்கம் ஓடச் சொன்னதும் இந்தக் கணக்கில்தான்.

ரோஸ் ஹில், மொரீஷியஸ், தமிழ் ஆசிரியர்

அப்படியானால் அசியெத்துக்குப் பாரச்சீர். அந்தத் தொட்டி பாரச்சீர்த் தொட்டி. 'முன்பாரம்', 'பின்பாரம்' இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்ற ஒன்றுமில்லை. பெஸேக்கு எடையொப்பு என்பேன்.

ஃபீனிக்ஸ், பொறியியல் மாணவர்

'எடையொப்பு' தராசுக் கடைப் பெயர் மாதிரி இருக்கிறது சார். 'சரிக்கட்டு தொட்டி' என்றால் என்ன? பேச்சில் வருகிற சொல்தானே. அப்புறம் இன்னொரு சந்தேகம். டீசல் எரிய எரியப் படகு லேசாகிக்கொண்டே போகுமே, அதற்குத் தண்ணீரை உள்ளே விடுவார்களா?

சைமன்ஸ் டவுன், ஓய்வுபெற்ற வால்வு ஃபிட்டர்

அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். நீர்மூழ்கியின் வெளித் தொட்டிகளில் டீசல் குறைந்த இடத்தைக் கடல்நீர் தானாகவே நிரப்பிவிடும். டீசல் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் நிற்கும். ஒரு கன மீட்டர் டீசல் சுமார் 850 கிலோ, அதே இடத்தில் வரும் கடல்நீர் 1025 கிலோ. ஆக, எரிக்க எரிக்கப் படகு கனக்கிறது. பத்து கன மீட்டர் எரித்தால் 1750 கிலோ. தண்ணீரை உள்ளே விட வேண்டியதில்லை தம்பி, வெளியே தள்ள வேண்டும்.

'சரிக்கட்டு' எனக்குப் பிடிக்கவில்லை. லஞ்சம் கொடுத்துச் சரிக்கட்டினான் என்கிற வாடை அடிக்கிறது.

டோங்காட், ஓய்வுபெற்ற கரும்புத் தோட்ட மேஸ்திரி

எனக்கு அந்த வாடை தெரியவில்லை. நாங்கள் கடைக் கணக்கையே அப்படித்தான் சரிக்கட்டுவோம்.

சாட்ஸ்வொர்த், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. படத்தில் மூழ்கு தொட்டி, பாரச்சீர்த் தொட்டி இரண்டையும் எழுதிவிட்டேன். முன்பாரம், பின்பாரம் என்று மூக்கிலும் வாலிலும் அம்புக்குறி போட்டாயிற்று. நடுத் தொட்டிக்கு மட்டும் 'எடையொப்பு' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன், வெள்ளி காலை பத்து மணிவரை அழிக்கலாம். ஃபிட்டர் ஐயா, அந்தப் பையன் அடுத்த கேள்வியோடு வந்துவிட்டான்: டார்பிடோ ஒன்றைச் சுட்டதும் ஒன்றரை டன் போய்விடுமே, அந்த இடத்தில் வரும் தண்ணீர் எந்தத் தொட்டிக் கணக்கில் சேரும் என்கிறான். மூக்கிலேயே இருப்பதால் பாரச்சீரா, கடலிலிருந்து வருவதால் எடையொப்பா?

சைமன்ஸ் டவுன், ஓய்வுபெற்ற வால்வு ஃபிட்டர்

இரண்டிலும்தான் அம்மா. அந்தப் பையனை ஒருமுறை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.