ஒரே பிரசங்கம், மூணு கூட்டம்: மத்தேயு 20ஐ எப்படி மாத்தி பேசுறது? உதவி வேணும்

செந்தூல் தம்பி
எல்லாருக்கும் வணக்கம். நான் போதகர் கிடையாது, வேலைக்கு போயிட்டு சபையில முறை வரும்போது பிரசங்கம் பண்ற ஆள். இந்த முறை எனக்கு வந்திருக்கிற பகுதி மத்தேயு 20:1-16, திராட்சத்தோட்டத்து வேலைக்காரங்க உவமை, காலையில வந்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் வேலை செஞ்சவனுக்கும் எஜமான் ஒரே கூலி குடுக்குற கதை. சனிக்கிழமை சாயங்காலம் வாலிபர் கூட்டத்துல பேசணும் (13லருந்து 17 வயசு, ஒரு இருபது பேர்), ஞாயித்துக்கிழமை காலை எட்டரை ஆராதனையில பேசணும், அங்க முக்கால்வாசி பேர் 65 தாண்டினவங்க, அப்புறம் அதையே யூடியூப்லயும் போடணும்.

போன தடவை வேற பகுதி வந்தப்ப ஒரே 35 நிமிஷ பிரசங்கத்தை மூணு இடத்துலயும் அப்படியே பேசினேன். பிள்ளைங்க பத்து நிமிஷத்துல ஹேண்ட்போனுக்கு போயிட்டாங்க. பெரியவங்க கை குடுத்து நல்லா இருந்துச்சுன்னாங்க, ஆனா என்ன சொன்னேன்னு ஒரு பாட்டிகிட்ட கேட்டா அவங்க வேற எதையோ சொன்னாங்க. யூடியூப்ல சராசரியா ரெண்டு நிமிஷம் கூட யாரும் நிக்கல. இந்த தடவை பிள்ளைங்களுக்குன்னு ஒரு உதாரணம் வச்சிருக்கேன், குரூப் அசைன்மென்ட்ல ஒண்ணுமே செய்யாம கடைசி ராத்திரி வந்து பேர் போட்டுக்கிட்டு ஒரே மார்க் வாங்குற பையன். இது சரியா வருமா? மத்த ரெண்டுக்கும் எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

கெப்போங் பையன்
புரோ ரொம்ப யோசிக்காதீங்க. பிள்ளைங்களுக்கு 12 நிமிஷத்துக்கு மேல போகாதீங்க, அவங்க பேசுற மாதிரி பேசுங்க, ஆன்லைனுக்கு அதுலயே நல்ல ரெண்டு நிமிஷத்தை வெட்டி போட்டுடுங்க. பெரியவங்களுக்கு இருக்கிற 35 நிமிஷமே போதும். அசைன்மென்ட் உதாரணம் சூப்பர், எல்லாரும் கடுப்பாவாங்க, கண்டிப்பா மண்டையில நிக்கும்.

பட்டர்வொர்த் ஓய்வு உபதேசி
தம்பி, கெப்போங் தம்பி நேரத்தை பத்தி சொன்னது சரிதான், ஆனா குறைக்கிறதும் வெட்டுறதும் மட்டும் மாத்துறது ஆகாது. முதல்ல மூணு கூட்டத்துக்கும் மாறவே கூடாத ஒரு வாக்கியத்தை எழுதி வச்சிக்குங்க. இந்த பகுதிக்கு நான் எழுதுறதா இருந்தா, "யாரும் கூப்பிடாத ஆளுக்கும் ஒரு நாள் சாப்பாடு வேணும்னு தெரிஞ்ச எஜமான்" அப்படின்னு எழுதுவேன். அதுக்கப்புறம், கேக்குற ஆள் இந்த கதையில எங்க நிக்கிறார்னு பாருங்க. மாத்த வேண்டியது அதைத்தான்.

அசைன்மென்ட் உதாரணத்தை தயவு செஞ்சு விட்டுடுங்க. சும்மா இருந்த பையன் வேலை இருந்தும் செய்யாதவன். பதினோராம் மணிக்கு, அதாவது சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்த ஆளுங்க அப்படியா? ஏன் சும்மா நிக்கிறீங்கன்னு கேட்டதுக்கு "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை"ன்னு ஏழாம் வசனத்துல பதில் சொல்றாங்க. பொழுது சாயுற வரைக்கும் சந்தையை விட்டு போகாம நின்ன ஆளுங்க, யாரும் எடுக்கல. உங்க உதாரணத்தை வச்சா பிள்ளைங்க மனசுல அவங்க சோம்பேறியாத்தான் பதிவாங்க, அப்புறம் எஜமான் பண்ணது நியாயமே இல்லன்னு முடிஞ்சிடும், நீங்க அதுக்கு மேல எவ்வளவு பேசினாலும் திருப்ப முடியாது.

பிள்ளைங்களுக்கு எடுபடாத ஆளோட இடம் நல்லாவே தெரியும். ஃபுட்சால்ல ரெண்டு கேப்டன் நின்னு பேர் சொல்லி சொல்லி எடுக்கும்போது கடைசியா நிக்கிற பையன், பார்ட்டைம் வேலைக்கு மூணு கடையில கேட்டு எவனும் கூப்பிடாத பொண்ணு. அங்க ஆரம்பிங்க. கதையை நடிக்க விட்டாலும் நல்லா வரும். காலையில வந்த ஆளுங்களா சில பேர், கடைசி ஆளுங்களா சில பேர், எல்லாருக்கும் ஒரே கூலி, இப்ப நீ என்ன சொல்வேன்னு கேளுங்க. பதினஞ்சாம் வசனத்துல வர்ற "வன்கண்ணன்"ங்கற வார்த்தை அவங்களுக்கு புரியாது, பொறாமைப்படுறவன்னு சொல்லிட்டு போயிடுங்க.

செந்தூல் தம்பி
ஐயா, ஏழாம் வசனத்தை எத்தனை தடவை படிச்சிருப்பேன், இப்படி கண்ணுல படவே இல்ல. அசைன்மென்ட்டை எடுத்துட்டேன். கூலி "ஒரு பணம்"னு வருதே, அதை எப்படி சொல்றது? குறைஞ்சபட்ச சம்பளம் மாசம் 1,700 வெள்ளி, 26 நாளுக்கு வகுத்தா 65 வெள்ளி சொச்சம் வருது, அப்படி சொல்லலாமா?

பட்டர்வொர்த் ஓய்வு உபதேசி
சொல்லலாம், நல்லா இருக்கு. அதோட இன்னொண்ணு சேர்த்துக்குங்க, அந்த கூலி ஒரு குடும்பம் அன்னைக்கு சாப்பிடுற அளவுக்குத்தான். ஒரு மணி நேர வேலைக்கு அஞ்சு வெள்ளிய கையில குடுத்தா அன்னைக்கு வீட்ல அடுப்பு எரியாது. அது புரிஞ்சாத்தான் எஜமான் என்ன பண்ணார்ங்கறது பிடிபடும்.

மிக்ஸர் அண்ணன்
யூடியூப்ல ஆள் நிக்கலன்னா முதல்ல சத்தத்தை பாருங்க தம்பி. கேமரால இருக்கிற மைக்கை நம்பாதீங்க, மண்டபத்து எதிரொலியெல்லாம் சேர்ந்து வரும். மிக்ஸர்லருந்து நேரா ஒரு லைன் எடுத்து கேமராவுக்கோ கம்ப்யூட்டருக்கோ குடுங்க. சட்டையில மாட்டுற மைக் தாடைக்கு கீழ ஒரு சாண்ல இருக்கணும். நீங்க பேசும்போது பின்னால கீபோர்டு வாசிச்சிக்கிட்டே இருக்கிற பழக்கம் இருந்தா நிறுத்த சொல்லுங்க.

செந்தூல் தம்பி
அண்ணே நான் கேட்டது என்ன பேசுறதுன்னு, சத்தம் பத்தி இல்ல.

மிக்ஸர் அண்ணன்
தெரியும் தம்பி, ஆனா அந்த பாட்டி வேற எதையோ சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அதுவும் சத்தமா இருக்கலாம். வயசானவங்களுக்கு மெல்லிசான ஓசைதான் முதல்ல போகும், ஸ, ட, க மாதிரி எழுத்துங்க கலங்கிடும். நம்ம தமிழ்ல ஆமாவா இல்லையாங்கறதே வாக்கியத்தோட கடைசியிலதான் வருது. பிரசங்கம் பண்றவங்க நிறைய பேர் வாக்கியம் முடியுற இடத்துல குரலை இறக்கிடுவாங்க. "வேலையிட"ன்னு கேட்டுட்டு "வில்லை" கேக்கலன்னா கதையே தலைகீழ். வால்யூம் ஏத்தினா சரியாகாது. கடைசி வார்த்தை வரைக்கும் குரலை பிடிச்சி வைங்க, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவுல மூச்சு விடுங்க. நீங்க பேசி முடிச்சதும் கடைசி பெஞ்சுல இருக்கிற ஒரு பெரியவர்கிட்ட கதையை சொல்ல சொல்லி கேளுங்க, நல்லா இருந்துச்சான்னு கேக்காதீங்க.

செந்தூல் தம்பி
மன்னிச்சிக்கோங்க அண்ணே, நான்தான் அவசரப்பட்டுட்டேன். இதை யாருமே எனக்கு சொன்னதில்ல.

பால்மரத்து ராணி
நான் சிலாங்கூர்ல ஒரு எஸ்டேட்ல பொறந்து அங்கேயே 20 வருஷம் பால்மரம் வெட்டினவ, இப்ப பேத்தி டைப் பண்ணி குடுக்குறா. பெரியவங்களுக்கு இந்த கதைய தோட்டத்த வச்சி சொல்லணும்னு உங்களுக்கு தோணும், தோணட்டும், ஆனா ஒண்ணு பாத்துக்குங்க. பால்மரம் வெட்டுறதுக்கு இருட்டோட, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு போய் நிக்கணும், வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் நின்னுரும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒருத்தன் வெட்ட வந்தான்னு சொன்னீங்கன்னா எங்க ஆளுங்க அங்கேயே உங்கள நம்புறத விட்டுருவாங்க. புல்லு வெட்டுன்னு சொல்லுங்க, இல்லன்னா திராட்சை அறுப்புன்னே இருக்கட்டும்.

அப்புறம் எஜமான எஸ்டேட் மேனேஜர் துரையோட ஒப்பிடாதீங்கப்பா. என்னுடையத என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையான்னு எஜமான் கேக்குறார்ல, அந்த பேச்ச நாங்க ஆபிஸ் வாசல்ல கேட்டிருக்கோம். மழை பேஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா அன்னிக்கு கூலியும் இல்ல, கேட்டா இஷ்டம் இருந்தா இரு. பிரசங்கத்துல அத கேட்டா எனக்கு வயிறு எரியும்.

பட்டர்வொர்த் ஓய்வு உபதேசி
அம்மா சொன்னதை நான் கவனிக்காம விட்டுட்டேன். தம்பி, அப்படின்னா பெரியவங்க முன்னால அந்த வித்தியாசத்தை நீங்களே வெளிப்படையா சொல்லிடுங்க. துரை களத்துக்கு வரமாட்டார், கங்காணிதான் வருவார். இந்த கதையில எஜமானுக்கு காரியக்காரன் இருக்கான், எட்டாம் வசனத்துல வர்றான், ஆனாலும் ஆள் தேடி எஜமானே அஞ்சு தடவை சந்தைக்கு நடந்து போறார். காலையில வந்தவங்க கூலியில ஒரு காசு குறைக்கல, பேசினதை குடுத்துட்டார். துரையோட இஷ்டம் குறைக்கிற இஷ்டம், இவரோடது கூட குடுக்குற இஷ்டம்.

பெரியவங்க பெரும்பாலும் "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும்" சகிச்ச ஆளுங்க இடத்துலதான் நிப்பாங்க. 40 வருஷம் சபைக்கு பாய் விரிச்சி, பாத்திரம் கழுவி உழைச்சவங்க. நேத்து ஆஸ்பத்திரி கட்டில்ல ஞானஸ்நானம் எடுத்த கொழுந்தனுக்கும் அதே பரலோகமான்னு உள்ளுக்குள்ள கேப்பாங்க. 19:27ல பேதுருவும் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோமே எங்களுக்கு என்ன கிடைக்கும்னு கேக்குறார், அந்த கேள்விக்கு பின்னாலதான் இந்த உவமையே வருது. அதனால அவங்களை திட்டுற மாதிரி பேசாதீங்க, பேதுரு பக்கத்துல உக்கார வைங்க. 20 நிமிஷம் போதும், மெதுவா.

காஜாங் ரூபி
எனக்கு வேற ஒரு விஷயம். எங்க அம்மாவுக்கு பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமா வீட்லதான், ஞாயித்துக்கிழமை ஆராதனை ஐபேட்லதான் பாக்குறாங்க. ஆன்லைன்னா சின்ன பசங்க, தெரியாத ஆளுங்கன்னு எல்லாரும் நினைக்கிறீங்க. அம்மாவுக்கு ரெண்டு நிமிஷ வீடியோ வேண்டாம், முழு ஆராதனையும் வேணும், தெரிஞ்ச முகத்தை பாக்கணும். இன்னைக்கு நாம எங்க நிக்கிறோம்னு கேட்டா அம்மா நான் சந்தையிலதான் நிக்கிறேன் யாருக்கும் ஆகாமன்னு சொல்வாங்க.

செந்தூல் தம்பி
ரூபி அக்கா, இதை படிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல. அப்ப ஞாயிறு ஆராதனையை முழுசா அப்படியே விட்டுடுறேன், வெளி ஆளுங்களுக்கு தனியா ஒரு ஏழு நிமிஷம் ரெக்கார்ட் பண்றேன்.

பட்டர்வொர்த் ஓய்வு உபதேசி
அதுதான் சரி, ஆன்லைன்னு ஒரே கூட்டம் கிடையாது. தனியா எடுக்குறதுல வாழ்த்து, அறிவிப்பு, "போன வாரம் பார்த்தோமே" எல்லாத்தையும் விட்டுட்டு சாயங்காலம் அஞ்சு மணி, சந்தையில இன்னும் சில பேர் நிக்கிறாங்கன்னே ஆரம்பிங்க. லென்ஸை பாத்து ஒரே ஆள்கிட்ட பேசுற மாதிரி பேசுங்க. "கிருபை"ன்னு சொல்லிட்டு போனா வெளி ஆளுக்கு ஒண்ணும் போய் சேராது, கூலி கையில விழுற இடத்தை நல்லா சொல்லுங்க. ஆஸ்பத்திரி கொழுந்தன் மாதிரி சபை ஆளுங்க கதை அதுல வேண்டாம், சொந்தக்காரங்க பாப்பாங்க. நம்ம வீடுகள்ல பாதி பேர் கோயிலுக்கு போற சொந்தக்காரங்க, அதனால வேற மதத்தை ஒப்பிட்டும் பேசாதீங்க. யார் வேணா பாக்கலாம்ங்கறதால சட்டத்தையும் நினைப்புல வைங்க, முஸ்லிம்கள் மத்தியில வேற மதத்தை பரப்புறதை மாநிலங்கள் சட்டம் போட்டு கட்டுப்படுத்தலாம்னு அரசியலமைப்பு 11(4)ல இருக்கு.

கெப்போங் பையன்
சரி நான் வெட்டி போட சொன்னதை வாபஸ் வாங்குறேன். ஆனா பிள்ளைங்களுக்கு தமிழ்லயேவா? பாதி பேருக்கு தமிழ் படிக்க வராது, இங்கிலீஷ்ல போனாத்தான் உள்ள போகும்.

பால்மரத்து ராணி
என் பேத்தி தமிழ்ல சொன்னாத்தான் அழுவா, இங்கிலீஷ்ல சொன்னா தலையாட்டுவா.

கெப்போங் பையன்
எங்க வீட்ல தம்பி அப்படியே உல்டா பாட்டி.

செந்தூல் தம்பி
சனிக்கிழமை முடிஞ்சது. வசனத்தை திரையில ரெண்டு மொழியிலயும் போட்டேன், பேச்சு தமிழ்ல. 14 நிமிஷம். நடிக்க விட்டதுல காலை ஆளா நின்ன ஒரு பையன் உண்மையிலேயே கோவப்பட்டு, அப்படின்னா நாளைக்கு நானும் அஞ்சு மணிக்கே வர்றேன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு பதில் வரல. அப்ப கடைசி ஆளா நின்ன பொண்ணு, நாள் பூரா அங்க நிக்கிறதுன்னா எப்படி இருக்கும்னு உனக்கு தெரியாதுன்னு சொல்லிட்டு உக்காந்துருச்சு. அதுக்கு மேல நான் ஒண்ணும் சேர்க்கல. ஆனா அந்த பையன் கேள்வி நிக்குது, நாளைக்கு பெரியவங்க யாராவது அதையே கேட்டா என்ன சொல்றதுன்னு உபதேசி ஐயா, ராணி அம்மா, யாராவது ராத்திரிக்குள்ள எழுதுங்க.

பால்மரத்து ராணி
அந்த பையன் ஒரு நாள் சாயங்காலம் வரைக்கும் வேலைக்கு கூப்பிட ஆள் வருமான்னு நின்னு பாக்கட்டும், அடுத்த நாள் விடியகாலையில முதல் ஆளா பெரட்டுல நிப்பான். நான் நின்னிருக்கேன்.