வெட்டா, வரம்பா: அலைவழிகாட்டிக்கு ஒரு சொல்

கல்லடியிலிருந்து:
வெள்ளிக்கிழமை செய்முறைத் தாள் அச்சுக்குப் போகிறது, ஒரு சொல் இடறுகிறது. நுண்ணலையைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாயான நமது செவ்வக அலைவழிகாட்டியின் உள்ளகலம் 22.86 மி.மீ., உயரம் 10.16 மி.மீ. 6.56 கிகாஹேர்ட்சுக்குக் கீழே அதில் அலை ஓடாது. பழைய குறிப்பில் அது 'வெட்டு மீடிறன்'. குழாய்ச் சுவர் அலையை வெட்டி விழுங்குகிறது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். சுவர் விழுங்குவதில்லை, அலை வந்த வழியே திரும்புகிறது. வேறு சொல் உண்டா?

அக்கரைப்பற்றிலிருந்து:
வெட்டு என்பதே போதும் சேர். எங்கட ஸ்பீக்கர் பெட்டியிலும் வெட்டு மீடிறனுக்கு மேலே பாஸ் ஸ்பீக்கருக்கு ஒலி போகாது.

கல்லடியிலிருந்து:
காக்கா, அது மேலே தடுக்கிறது, இது கீழே தடுக்கிறது. அந்தக் குழப்பத்துக்கே இந்தச் சொல்தான் காரணம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
ஒளிமின் விளைவில் 'நுழைவாய் மீடிறன்' என்கிறோமே, அதையே எடுத்தால் என்ன? இன்னொன்று: குழாயின் உயரத்தைக் குறைத்தாலும் அது ஏறும்தானே?

கல்முனையிலிருந்து:
'வரம்பு' என்று சொல்லிப் பாருங்கள். வரைதல், வரைவு, வரையறை எல்லாம் ஒரே வேர். கோடு கிழித்து நிறுத்துவது வரம்பு. வயல் வரம்பு தண்ணீரை வெட்டுவதில்லை, மறித்து நிறுத்துகிறது. மறுகா, குழாய்க்குள் அலை அமைந்து ஓடும் விதமான 'mode' என்பதற்கு ஆகாரம் வேண்டாம். புள்ளிவிபரவியலில் அது ஏற்கெனவே இருக்கிறது, சாப்பாட்டையும் குறிக்கும். 'பாங்கு' நல்லது.

மட்டக்களப்பு நகரிலிருந்து:
தம்பி, நுழைவாய் என்பது பாதி சரி. ஆனால் அங்கே அது உலோகத்தின் இயல்பு, இங்கே குழாயின் அகலம். அகலத்துக்குள் அரை அலைநீளம் அடங்க வேண்டும்: f = c/(2a), c ஒளியின் வேகம், a அகலம்; 22.86 மி.மீ.க்கு 6.56 கிகாஹேர்ட்ஸ். இது முதற்பாங்கான TE10க்கு; அதற்கு உயரம் கணக்கில் வராது. உயரத்தைக் குறைத்தால் சுவரில் இழப்புத்தான் கூடும். அடுத்த பாங்கான TE20க்கு இந்த மீடிறன் 13.1 கிகாஹேர்ட்ஸ். ஆகவே குழாய்க்கு ஒரே மீடிறன் என்று எழுதாமல், 'இன்ன பாங்கின் வரம்பு மீடிறன்' என்று எழுதுங்கள்.

செய்முறையில் ஒரு கவனம். 5 கிகாஹேர்ட்சில் அலை சென்டிமீற்றருக்கு ஏறக்குறைய 7.7 டெசிபெல் தேய்கிறது. 2 சென்டிமீற்றர் துண்டில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு வலு அப்பால் கசியும், முள் அசையும், பிள்ளை 'போகிறது' என்று எழுதுவான். 10 சென்டிமீற்றர் துண்டு கொடுங்கள், 77 டெசிபெல் தேய்ந்து முள் அசையாது.

அக்கரைப்பற்றிலிருந்து:
அப்ப வரம்புக்கு அப்பாலும் கசிகிறதே. வயல் வரம்பு அப்படிக் கசிந்தால் உடனே அடைப்பார்கள்.

கல்முனையிலிருந்து:
நண்டு வளையிட்ட வரம்பும் வரம்புதான்.

கல்லடியிலிருந்து:
தாளில் 'வரம்பு மீடிறன்' போகிறது, முதல் இடத்தில் மட்டும் 'வெட்டு' பக்கத்தில் நிற்கும். துண்டும் 10 சென்டிமீற்றர்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
வினாத்தாளில் 'வெட்டு' என்றே வந்தால்? நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.