மகளிர் குழு கணக்கு: சேமிப்பு சரி, உள்கடன் சரி, ஆனா 1,21,000 கியாட் இடிக்குது

பகோ பக்கம் எங்க அம்மா இருக்குற மகளிர் குழு, 15 பேர், மாசம் ஆளுக்கு 5,000 கியாட் சேமிப்பு, 24 மாசம் ஆச்சு. வருஷக் கணக்கை பார்த்துத் தர சொன்னாங்க. சேமிப்பு 18,00,000, வந்த வட்டி 3,10,000, அபராதம் 14,000, செலவு 24,000, ஆக 21,00,000 இருக்கணும். ஆனா கடன் லெட்ஜர்ல நிலுவை 17,50,000, கையிருப்பு 2,29,000, மொத்தமே 19,79,000 தான் வருது. லெட்ஜரும் உறுப்பினர்களோட பாஸ்புக்கும் ஒண்ணா இருக்கு, மீதி எங்க போச்சுன்னு தெரியல

செல்வம்_யாங்கோன்: பாஸ்புக் ஒத்துப்போகுதுன்னா பணம் கையிலதான் குறையுது தங்கச்சி, பொருளாளரை உக்கார வெச்சு கேளுங்க

மல்லிகா அக்கா: அவசரப்பட்டு யாரையும் கேக்காதீங்க. பாஸ்புக்க எழுதுறதும் லெட்ஜர் எழுதுறதும் ஒரே கை, ரெண்டும் ஒத்துப்போறது ஒரு சாட்சியே இல்லம்மா. கடன் வாங்கின ஒருத்தரை எடுத்து ரொக்கப் புத்தகத்தையும் லெட்ஜரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மாசா மாசம் பாருங்க. நோட்டு எழுதுறவங்க மாறினாங்களா?

கேட்டவர்: ஆமா அக்கா, கடைசி 3 மாசமா வேற பொண்ணு எழுதுது. 3,00,000 கடன்காரர் ஒருத்தரை பார்த்தேன், ரொக்கப் புத்தகத்துல அசல் 30,000 வட்டி 6,000ன்னு தனித்தனியா இருக்கு, லெட்ஜர்ல நிலுவை 2,64,000ன்னு போட்டிருக்கு, 2,70,000 தானே வரணும்?

மல்லிகா அக்கா: அதேதான். வட்டியும் சேர்த்து அசல்ல கழிச்சிருக்கு. அந்த 3 மாச வட்டிய ரொக்கப் புத்தகத்துல கூட்டுங்க, அந்த அளவு நிலுவை குறைவா காட்டுது. அடுத்த மாச வட்டியும் 2,64,000க்கு 2% போட்டு 5,280 வாங்கியிருப்பாங்க, 5,400 வாங்கணும், அந்த வித்தியாசத்தை வசூலிக்கறதா விடறதாங்கறத கூட்டத்துல தீர்மானம் போட்டு முடிவு பண்ணணும், நீங்களே திருத்திடாதீங்க

ராணி_மோல்மேன்: எங்க குழுல வருஷ முடிவுல வட்டிய எல்லாருக்கும் சமமா பிரிக்கலாமா, சேமிப்பு அளவுக்கா?

மல்லிகா அக்கா: ராணி, அது வேற விஷயம், தனியா கேளுங்க. முதல்ல நிலுவை சரியானாத்தான் பிரிக்கவே முடியும்

கேட்டவர்: 3 மாச வட்டி 96,000 அக்கா! இன்னும் 25,000 நிக்குது

மல்லிகா அக்கா: 25,000ன்னா அஞ்சு பேர் சேமிப்பு. கூட்டத்துக்கு வராதவங்களுக்கும் 5,000 கட்டினதா சேமிப்பு பதிவேட்டுல எழுதியிருக்கலாம், வருகைப் பதிவோட பொருத்திப் பாருங்க. நீங்க 15 பெருக்கல் 5,000 பெருக்கல் 24ன்னு போட்டீங்க இல்ல, அதுல ஒருத்தர் விட்டாலும் தெரியாது, உண்மையா வந்த பணத்தை மாசம் மாசமா கூட்டணும்

செல்வம்_யாங்கோன்: நான் சொன்னது தப்பு மாதிரி தெரியுது, ஆனா கையிருப்ப எண்ணிப் பார்த்தீங்களா, நோட்டுல எழுதினதை நம்பினீங்களா?

கேட்டவர்: பெட்டிய மூணு சாவிக்காரங்க முன்னாடி திறந்து எண்ணிட்டேன் அண்ணே, 2,29,000 இருக்கு. வருகைப் பதிவுல ரெண்டு மாசத்துல மூணு பேர் வரல, மிச்சம் ரெண்டு எங்கன்னு தேடிட்டு இருக்கேன், உறுப்பினர்கள்ட்ட தனித்தனியா கேக்கப் போறேன்