கேட்டை மறித்து நிற்கும் பக்கத்து வீட்டுக் கார்: சண்டையில்லாமல் எப்படிச் சொல்வது?

செல்வி_மடிப்பாக்கம்:
எங்கள் கேட் 10 அடி, தெரு 18 அடி. பக்கத்து வீட்டு சார் காரைத் தெருவில் நிறுத்தும்போது அதன் பின்பகுதி எங்கள் கேட் தூணைத் தாண்டி 2 அடி உள்ளே வந்துவிடுகிறது. எதிர் வரிசையிலும் கார்கள் நிற்கும். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், காலை 6 மணிக்கு ஸ்விஃப்ட்டை வெளியே எடுக்க வேண்டும். கேட்டால் உடனே நகர்த்துகிறார், மறுநாள் அதே இடம். வயதில் மூத்தவர், முகம் முறிக்க மனமில்லை.

பாலா77:
"நோ பார்க்கிங்" போர்டு மாட்டுங்கள். போர்டு இருந்தால் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும். இல்லாவிட்டால் வண்டி 10 மணி நேரம் நின்றால்தான் தொடுவார்கள்.

ரங்கராஜன்_கே:
பாலா, பாதி சரி. மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவில் அந்த 10 மணி நேரம் இருப்பது உண்மை. அது கேட்பாரற்று விடப்பட்ட வண்டிக்கு. நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றால் அவ்வளவு நேரம் காத்திருக்கத் தேவையில்லை, வீட்டு வாசலை மறிப்பதும் அதில் சேரும். நாமே மாட்டும் போர்டு வெறும் நினைவூட்டல்தான், அதனால் மட்டும் சட்டபலம் வந்துவிடாது.

செல்வி, "இப்போது எடுங்கள்" என்பதும் "இனிமேல் இங்கே வேண்டாம்" என்பதும் இரண்டு தனிப் பேச்சு. நீங்கள் முதலாவதை மட்டுமே பேசியிருக்கிறீர்கள், அதனால்தான் மறுநாளும் அதே கதை. இரண்டாவதை அவசர நேரத்தில் எடுக்காதீர்கள். ஞாயிறு மாலை, அவர் கார் சரியாக நிற்கும்போது போய், நின்றபடியே இரண்டு நிமிடம் பேசுங்கள்:

"சார், ஒரு உதவி. செவ்வாய், வியாழன், சனி காலையில ஆறு மணிக்கு அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். உங்க பின் பம்பர் எங்க தூணுக்கு 3 அடி முன்னாடியே நின்னுட்டா வண்டி ஒரே திருப்புல வந்துடும். வாங்க, இடத்தைக் காட்டறேன்."

கிழமைகளை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த 3 அடியை விடாதீர்கள். "கொஞ்சம் தள்ளி" என்றால் அவர் அரை அடி தள்ளுவார், மனசாட்சிப்படி அவர் பக்கம் சரி. பின்னால் எடுத்துத் திருப்பும்போது வால் ஒரு பக்கம் போனால் மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். வாலை அவர் காருக்கு எதிர்த்திசையில் திருப்பினால் உங்கள் முன் பம்பர் அவர் காரின் பின்மூலையை உரசப் பார்க்கும். அதனால் தூண் வரை நகர்ந்தாலும் போதாது. கூடவே நடந்து போய், அவர் வீட்டுச் சுவரில் ஒரு குழாயோ ஜன்னலோ அடையாளமாகப் பேசி வையுங்கள். தெருவில் பெயின்ட் அடிக்காதீர்கள்.

மீனா_அடுக்ககம்:
எங்கள் அபார்ட்மென்டில் எனக்கு ஒதுக்கிய இடத்தில் வேறொருவர் நிறுத்துகிறார். இதே மாதிரி பேசலாமா?

ரங்கராஜன்_கே:
அது வேறு விஷயம், சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். உங்கள் பத்திரத்தில் அந்த இடம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பாலா77:
நயமாகப் பேசியும் கேட்கவில்லை என்றால் ஒரு நாள் காற்றைப் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

தேன்மொழி_எஸ்:
வேண்டவே வேண்டாம். அந்த நிமிடமே புகார் உங்கள் மேல் திரும்பும். தெருவில் கல், பூந்தொட்டி வைப்பதும் அப்படித்தான்.

செல்வி, அவர் ஏன் முன்னால் தள்ளி நிறுத்துவதில்லை என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: காக்கை எச்சமிடும் மரம், மின்பெட்டி, அவருடைய சொந்த கேட்.

செல்வி_மடிப்பாக்கம்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டு முன்னால் மழைநீர் வடிகால் மூடி ஒன்று உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. டயர் கிழியும் என்று பயந்து பின்னால் விடுகிறார் போல.

தேன்மொழி_எஸ்:
அப்படியானால் 1913-க்கு அடித்து மாநகராட்சியில் புகார் பதியுங்கள். கதவு எண்ணும் அருகில் உள்ள அடையாளமும் சொல்லுங்கள். அந்தப் புகார் எண்ணோடு சாரைப் போய்ப் பாருங்கள், பேச்சு சுலபமாகத் தொடங்கும். மூடி மாறும்வரை அந்த மூன்று நாளுக்கு மட்டுமாவது முதல் நாள் இரவே எதிர்ப்பக்கம் நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். இரவு 8 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "சார், நாளை காலை 6 மணிக்கு வண்டி எடுக்கணும்." புகைப்படம் சேர்க்காதீர்கள், அது சாட்சி சேர்ப்பதுபோல் படும்.

ரங்கராஜன்_கே:
புகைப்படம் பற்றி எனக்கு உடன்பாடில்லை. அனுப்ப வேண்டாம், ஆனால் தேதியோடு எடுத்து வைத்திருங்கள். பேசியும் மறிப்பு தொடர்ந்து, அம்மாவை அழைத்துப்போக முடியாத காலை ஒன்று வந்தால் 100-க்கு அழைக்கலாம். அழைக்கும் முன் ஒருமுறை அவர் வீட்டு மணியை அடியுங்கள்.

செல்வி_மடிப்பாக்கம்:
1913-இல் பதிந்துவிட்டேன். ஞாயிறு பேசுகிறேன். அவர் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் கார்களை என்ன செய்வது? அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது.