கலைச்சொல்: விசைப்பலகை அகராதிக்கு "மீட்டமை" பொருந்துமா?

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். ஐபோனில் Reset Keyboard Dictionary என்றொரு கட்டளை உண்டு. உதவிக் குறிப்பில் அதை "விசைப்பலகை அகராதியை மீட்டமை" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஒருவர், "அப்படியென்றால் தொலைந்த சொற்கள் திரும்ப வருமா?" என்று கேட்டார். நடப்பதோ நேர்மாறு. போன் காட்டும் பரிந்துரையை நாம் மறுக்கும்போது நம் சொல் அகராதியில் சேர்கிறது. அப்படிச் சேர்ந்தவை இதில் அழிகின்றன. ஆகவே "கற்ற சொற்களை அழி" என்று வைக்கலாமா?

சேகர்:
இதற்குப் போய் அகராதியை ஏன் தொட வேண்டும்? தன்திருத்தத்தை அணைத்தால் அடித்த சொல் தானாக மாறாது. குறிப்பில் "தன்திருத்தம்" என்ற அந்த ஒரு சொல்லே போதும்.

கதிரேசன்:
சேகர் சொல்வது பாதி சரி. அணைத்தால் சொல் தானாக மாறுவது நிற்கும். ஆனால் தவறாகக் கற்ற சொல் மேலே உள்ள பரிந்துரைப் பட்டையில் வந்துகொண்டேதான் இருக்கும். "மாறன்" என்று அடித்து இடைவெளி விட்டதும் "மாற்றம்" ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் உடனே பின்னழித்தால் அடித்தது திரும்பிவிடும். அப்புறம் "மாறன்" என்பதைத் தனி அகராதியில் சேர்த்துவிடலாம். வேண்டாத சொல் பட்டையில் வந்தால் அதை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிக்கு இழுக்கலாம். ஒரு சொல்லுக்காக எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. மொத்தமாக அழிப்பதற்கு அங்கே இருக்கும் பெயர் Delete learned words and data. மலர்விழி சொன்ன "கற்ற சொற்களை அழி" இதற்கும் அப்படியே பொருந்துகிறது. எனக்குச் சம்மதம்.

பர்வீன்:
கற்றதை அழித்துப் பார்த்துவிட்டேன் ஐயா, பயனில்லை. "கல்" என்று எழுத k, a, l அடித்தால் "மத" என்று வருகிறது.

கதிரேசன்:
அம்மா, உங்களுக்கு வந்திருப்பது வேறு சிக்கல். தமிழ்99 தளவமைப்பில் k என்றால் ம, l என்றால் த. நீங்கள் ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கிறீர்கள். மொழி அமைப்பில் தமிழைத் திறந்து தளவமைப்பை மாற்றுங்கள். அடிக்கும்போதே எழுத்து தவறினால் தளவமைப்பைப் பாருங்கள். முழுச் சொல்லும் சரியாக வந்து, இடைவெளிக்குப் பிறகு மாறினால்தான் அது திருத்தத்தின் வேலை.

பர்வீன்:
மாற்றிவிட்டேன், "கல்" வந்துவிட்டது. ஆனால் "தளவமைப்பு" என்பதை அமைப்புத் திரையில் பார்த்தபோது திரையின் தோற்றம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். "விசை அமைப்பு" என்றால் புரிந்திருக்கும்.

சேகர்:
"விசை அமைப்பு" நல்ல சொல். ஆனால் பரிந்துரையைத் தொட்டுப் பழகியவர்களுக்கு "கற்ற" என்றால் யார் கற்றது என்று குழப்பம் வராதா?

மலர்விழி:
"போன் கற்ற சொற்களை அழி" என்று விரித்தால் குழப்பம் தீரும், ஆனால் பொத்தானில் அடங்காது. குறிப்பில் விரித்தும் பொத்தானில் சுருக்கியும் எழுதிப் பார்க்கிறேன். இன்னொன்று: ஐபோனில் Text Replacement-இல் நாமே எழுதிவைத்த மாற்றுச் சொற்களும் உண்டு. அதை "கற்ற சொல்" என்று சொல்ல முடியாது. "பதிலிச் சொல்" சரியா என்று கேட்கிறேன்.