விருந்து மேசையில் வைக்க ஒரு போர்த்துகீசியக் கடிதம்: திருத்தித் தர முடியுமா?

பிராகாவில் புதியவன்:
வணக்கம். நான் போர்த்துகலின் பிராகா நகருக்கு வேலைக்கு வந்து 14 மாதங்கள் ஆகின்றன. இந்த ஊர்ப் பெண்ணொருத்தியை விரும்புகிறேன். வரும் சனிக்கிழமை இரவு, அவளுக்குத் தெரியாமல் பக்கல்யாவு என்ற உப்பிட்ட மீனைச் சமைத்து, தட்டின் அடியில் ஒரு சிறு கடிதம் வைத்து, திருமணத்துக்குச் சம்மதம் கேட்கப் போகிறேன். அகராதியின் துணையோடு கடைசி வரியை 'வொசே கேர் கஸார்-மெ?' என்று எழுதியிருக்கிறேன். நன்றி சொல்லும் வரியில், அவள் பெண் என்பதால் 'ஒப்ரிகாதா' என்று போட்டிருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

லிஸ்பன் அண்ணன்:
தம்பி, வாழ்த்துகள். பிறப்புச் சான்றிதழையும், மணமாகாதவர் என்பதற்கான சான்றையும் ஊரிலிருந்து இப்போதே வரவழைக்கத் தொடங்குங்கள். பதிவு அலுவலகத்தில் போர்த்துகீசிய மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். என் திருமணம் காகிதங்களுக்காகவே பல மாதங்கள் தள்ளிப்போனது.

பிராகாவில் புதியவன்:
மிக்க நன்றி அண்ணா. ஆனால் அவள் இன்னும் சம்மதமே சொல்லவில்லை. இப்போதைக்குக் கடிதம் மட்டும்தான் என் கவலை.

சாவோ பாவுலோவாசி:
'வொசே' என்பது நம் 'நீங்கள்' போல மரியாதைச் சொல் என்பதால் அதை மாற்ற வேண்டாம். நானும் என் மனைவியிடம் 'வொசே' சொல்லித்தான் கேட்டேன், அவரும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

கோயிம்ப்ரா அக்கா:
சாவோ பாவுலோவில் நீங்கள் கேட்டது சரியே. ஆனால் அங்கே கணவன் மனைவி, நண்பர்கள் என எல்லோரும் 'வொசே' என்றே பேசிக்கொள்வதால் அதில் தனி மரியாதை ஒன்றுமில்லை. போர்த்துகலில் காதலர்கள் 'து' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். அதுவரை 'நீ' என்று பேசிவந்தவன் கடிதத்தில் மட்டும் 'தாங்கள்' என்று எழுதினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்தப் பெண்ணுக்கு இருக்கும்.

தம்பி, உங்கள் வரியில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. நாம் 'என்னை மணந்துகொள்வாயா' என்று இரண்டாம் வேற்றுமையில் கேட்கிறோம். போர்த்துகீசியர் 'என்னோடு மணம் செய்துகொள்வாயா' என்றே கேட்பார்கள். 'கஸார்-மெ' என்று எழுதினால், பாதிரியாரிடம் போய் 'எனக்குத் திருமணம் நடத்தி வைக்கிறீர்களா' என்று கேட்பது போலாகிவிடும். அவள் புரிந்துகொள்வாள், ஆனால் சிரித்த பிறகுதான் புரிந்துகொள்வாள். 'ஒப்ரிகாதா' என்பதும் தவறு. அந்தச் சொல் நன்றி சொல்பவரின் பாலைக் காட்டும், பெறுபவரின் பாலை அன்று. நீங்கள் ஆண் என்பதால், யாருக்கு நன்றி சொன்னாலும் 'ஒப்ரிகாது' தான்.

நீங்கள் சொன்னதை வைத்து நான் எழுதினால் இவ்வளவுதான் எழுதுவேன்:

```
Meu amor,
Quando cheguei a Braga, não conhecia ninguém.
Contigo, esta cidade passou a ser a minha casa.
Obrigado pela paciência que tens com o meu português.
Queres casar comigo?
```

பிராகாவுக்கு வந்தபோது எனக்கு யாரையும் தெரியாது, உன்னோடு இருப்பதால் இந்த ஊரே என் வீடாகிவிட்டது, என் போர்த்துகீசியத்தைப் பொறுத்துக்கொள்வதற்கு நன்றி, என்னை மணந்துகொள்வாயா என்பது பொருள். நன்றி வரியில் உங்கள் இருவருக்குள் நடந்த ஏதேனும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நன்று. ஏக்கத்தைக் குறிக்கும் 'சவுதாதெ' பற்றிக் கவிதை எழுதப் புறப்பட வேண்டாம். அது நினைவுப் பொருள் கடைகளில் தேநீர்க் கோப்பைமேல் அச்சிட்டு விற்கும் சொல்லாகிவிட்டது.

சாவோ பாவுலோவாசி:
'து' பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும், கடைசியில் தமிழில் ஒரு வரி இருந்தால்தான் அது அவருடைய கடிதமாகும் என்பது என் கருத்து.

கோயிம்ப்ரா அக்கா:
அவளால் படிக்க முடியாத வரியை அந்த நேரத்தில் எதற்கு வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத் தம்பியே முடிவு செய்யட்டும். தட்டின் அடியில் மட்டும் வைக்க வேண்டாம், ஆலிவ் எண்ணெய் பட்டால் மை கலைந்துவிடும். அந்த மீன் நம் கருவாட்டைப் போல உப்பேறியது, ஆகவே வெள்ளிக்கிழமையே ஊறப்போட்டு, மூன்று நான்கு முறை நீரை மாற்றிவிடுங்கள்.

பிராகாவில் புதியவன்:
அக்கா, அப்படியே கையால் எழுதிக்கொள்கிறேன். கடைசி வரியை வாயாலும் சொல்ல விரும்புகிறேன், எப்படி உச்சரிப்பது? அவள் 'சிங்' என்று சொன்னால் சம்மதம் என்று தெரியும். வேறு ஏதாவது சொன்னால் நான் எப்படிப் புரிந்துகொள்வது?

கோயிம்ப்ரா அக்கா:
'கேரெஷ் கஸார் குமீகு' என்று சொல்லுங்கள், போர்த்துகலில் சொல்லின் இறுதி 'ஸ்' 'ஷ்' ஆகிவிடும். பதிலுக்கு அவள் 'சிங்' சொல்லாமல் 'கேரு' என்று மட்டும் சொன்னால் பதற வேண்டாம். 'வருகிறாயா' என்று கேட்டால் நாம் 'வருகிறேன்' என்போமே, அதுபோல வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வது இவர்கள் வழக்கம். 'கேரு' என்றால் விரும்புகிறேன் என்று பொருள்.